வேலையை விடுவதற்கு முன் ஒரு கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கணக்கை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். உன் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால், மாலையிலும் வார இறுதியிலும் செய்யும் வீடியோ எடிட்டிங்கில் சராசரியாக 60 வருகிறது, அதுவும் வாரத்துக்கு 15 மணி நேர உழைப்பில். வேலையை விட்டுவிட்டு 45 மணி நேரம் உட்கார்ந்தால் 180 வந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். பெருக்கல் சரிதான். ஆனால் வேலையை விட்டால் உனக்குக் கிடைப்பது நேரம் மட்டும்தான், அந்த நேரத்தை நிரப்ப ஆர்டர் தானாக வராது.

அதனால் உன்னிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: கடந்த 6 மாதத்தில் ‘நேரமில்லை’ என்று சொல்லி எத்தனை வேலையைத் திருப்பி அனுப்பினாய்? போனில் இரண்டு என்றாய், இரண்டும் சேர்ந்து 60 பெறும் என்றாய். அதை 6 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 10. அப்படியென்றால் இன்றைக்கு உன்னைத் தேடி வருகிற மொத்த வேலையே மாதம் 70தான். நேரம் இல்லாததால் நீ இழப்பது அந்தப் பத்து மட்டும். வாராவாரம் ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தால் நானே உன்னை ராஜினாமா கடிதம் எழுதச் சொல்லியிருப்பேன்.

சரி, எவ்வளவு வந்தால் போதும்? 100 வந்தால் சம்பளத்துக்குச் சமம் என்று நினைக்காதே. மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு கிடைக்கும் விடுப்பு, ஓய்வுக்காலத்துக்கு அலுவலகம் போடும் பங்கு, இதையெல்லாம் இனி நீயே உன் கையிலிருந்து கட்ட வேண்டும், உன் விஷயத்தில் அது 25 வரும். ஆகவே 125 தேவை. இப்போது உன் 15 மணி நேரத்தில் பில் போடக்கூடியது 12, அதில் 60 வருகிறது, அந்த விகிதத்தில் 125க்கு வாரம் 25 மணி நேரம் காசு வரும் வேலை வேண்டும். மீதி 20 மணி நேரம் புதிய ஆட்களைத் தேடுவதிலும், விலை சொல்லிக் காத்திருப்பதிலும், வராத பணத்தைக் கேட்டு மெயில் அனுப்புவதிலும் போய்விடும். இன்றைக்கு இந்த வேலைகள் குறைவாகத் தெரிவதற்குக் காரணம், பழைய கஸ்டமர்களே திரும்பத் திரும்ப வருவதுதான்.

எனக்கு ரொம்பப் பயமாக இருப்பது வேறொன்று. உன் 60ல் 40 ஒரே நிறுவனத்திடமிருந்து வருகிறது. நான் வேலையை விட்டபோதும் இப்படித்தான் இருந்தது, என் வருமானத்தில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து. நான்காவது மாதம் அங்கே மேலாளர் மாறினார், புது மேலாளர் தனக்குத் தெரிந்தவர்களிடம் வேலையைக் கொடுத்தார், என் வேலையில் யாரும் குறை சொல்லவில்லை. அடுத்த மூன்று மாதம் சேமிப்பைத்தான் சாப்பிட்டேன். அதனால் சராசரியைப் பார்க்காமல் உன் மோசமான மூன்று மாதங்களைப் பார். உன் பட்டியலில் அவை 25 வாக்கில் இருக்கின்றன. காப்பீட்டையும் சேர்த்து வீட்டுச் செலவு 80 என்றால் மாதம் 55 துண்டு விழும், 6 மாதத்துக்கு 330. கையில் இருப்பது 200. பில் அனுப்பி பணம் வர 45 நாள் ஆகிறது என்று நீயே சொன்னாய், அந்தத் தாமதத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

நீ போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போது இருக்கிற 15 மணி நேரத்தை முதலில் விலை ஏற்றிப் பார். இனி புதிதாகக் கேட்பவர்களிடம் ஒன்றரை மடங்கு சொல், பழையவர்களை அப்படியே விடு. ஐந்து பேரில் இரண்டு பேர் சரி என்றாலே உன் பழைய விலை குறைவு என்று அர்த்தம். 12 மணி நேரமும் அந்த விலையில் நிரம்பினால் வேலையை விடாமலே 90 வந்துவிடும், அப்புறம் முழுநேரத்துக்கு 25 மணி நேரம் நிரப்ப வேண்டியதில்லை, 17 மணி நேரம் நிரம்பினாலே 125ஐத் தாண்டிவிடும். ஐந்து பேரும் மறுத்துவிட்டால், அந்தத் தகவல் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே கிடைத்துவிட்டதே, அதுவே பெரிய விஷயம்.

அப்புறம், வேலை ஒப்பந்தத்தை எடுத்து வெளிவேலை பற்றிய பகுதியைப் படி. அலுவலக லேப்டாப்பில் ஒரு ஃபைலைக்கூட எடிட் செய்யாதே, சில ஒப்பந்தங்களில் அதில் செய்தது அவர்களுடையது என்றே இருக்கும். வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடு.

இன்றிலிருந்து ஒரு நோட்டில் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு வேலையையும் தேதியோடு எழுது, எவ்வளவு மணி நேரம் ஆகியிருக்கும் என்பதையும். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, உட்கார்ந்து சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
அண்ணன்