போனில் சொன்னதுதான் மேடையில் வரும்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் நேற்று வந்தது. மருமகளோடு உள்ள பிணக்கைப் பேச ஒரு பகல்நேர நிகழ்ச்சியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்த மாதிரி நிகழ்ச்சி ஒன்றில் ஒன்பது வருடம் விருந்தினர்களைப் பேசி அழைத்து வரும் வேலை பார்த்தவள் நான். என்னிடம் கேட்டது நல்லதாகப் போயிற்று.

உன்னோடு போனில் முக்கால் மணி நேரம் பேசிய அந்தப் பெண்ணிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அவளைப் 'பொறுமையாகக் கேட்டாள், நல்ல பெண்' என்று எழுதியிருக்கிறாய். நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் வெறும் அறிமுகப் பேச்சு இல்லை. எங்கள் வேலையில் அதற்கு முன்பேட்டி என்று பெயர். நிகழ்ச்சியில் பத்துப் பன்னிரண்டு நிமிடப் பகுதி ஒன்றை அவள் சில நாட்களுக்குள் தயார் செய்ய வேண்டும். அதற்காகப் பலரிடம் பேசுவாள். சுருக்கமாகச் சொல்ல வருகிறதா, எந்த இடத்தில் குரல் உடைகிறது, எதிர்த் தரப்பும் வரச் சம்மதிக்குமா என்று கவனித்துக்கொண்டே இருப்பாள். அதோடு, நீ சொல்வதில் எந்த வாக்கியம் நன்றாக விழுகிறதோ அதை அப்படியே எழுதிக்கொள்வாள். தொகுப்பாளர் கையில் வைத்திருக்கும் அட்டையில் வருவது அந்த வாக்கியங்கள்தான்.

என் கையால் எழுதிய ஒரு அட்டை இன்னும் மனதை அறுக்கிறது. அண்ணனும் தங்கையும் அம்மாவின் வீட்டுக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். தங்கையோடு ஐம்பது நிமிடம் பேசினேன். "அம்மா போனபோதுகூட அவன் வரலை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தகவல் போனதே லேட்டு, விடிய விடியப் பயணம் பண்ணி மறுநாள் வந்து சேர்ந்தான், பாவம்" என்றும் சொன்னாள். அதற்கு முன்பு அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் இரவில் துணைக்குப் படுத்தது அவன்தான் என்பதும் அவள் சொன்னதுதான். நான் எடுத்தது முதல் வாக்கியத்தை மட்டும். அட்டையில் ஐந்தாறு வரிக்கு மேல் இடம் கிடையாது. எந்த வரி பார்ப்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும் என்றுதான் அப்போது நான் யோசித்தேன்.

மேடையில் தொகுப்பாளர் அந்த வரியைக் கேட்டார். அவள் தயங்கினாள். "நீங்கதானேம்மா சொன்னீங்க, அம்மா சாவுக்குக்கூட வரலைன்னு?" என்றார். அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை, சொன்னது உண்மைதானே. அண்ணன் முகம் செத்துப்போனது. அதற்குப் பிறகு வீட்டைப் பற்றிப் பேச அங்கே எதுவும் மிச்சமில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தோம், ஒளிபரப்பானது பதினொரு நிமிடம். ஆலோசனை சொல்ல வந்த நிபுணர் அவர்கள் இருவரையும் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவருக்கும் நான் எழுதிய ஒரு பக்கச் சுருக்கம்தான் போயிருந்தது. அவர் நல்ல ஆலோசனைதான் சொன்னார், ஆனால் அது என் சுருக்கத்தில் இருந்த தங்கைக்கு. நேரில் உட்கார்ந்திருந்தவள் வேறு ஒருத்தி.

ஷூட்டிங் நாளில் உன்னையும் மருமகளையும் தனித்தனி வண்டியில் அழைத்து, தனித்தனி அறையில் உட்கார வைப்பார்கள். முதல் பார்வை கேமரா முன்னால்தான் நடக்க வேண்டும் என்பதற்காக. மேடைக்குப் போகும் முன் அந்தப் பெண் வந்து பக்கத்தில் உட்காருவாள். "போன்ல என்கிட்ட சொன்னீங்களே, அதே மாதிரி சொல்லுங்க. அவங்க குறுக்கே பேசினா விட்டுக்கொடுக்காதீங்க" என்பாள். அதே சமயம் பக்கத்து அறையில் இன்னொருவர் மருமகளிடம் இதையே சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு அறையிலும் நானே சொன்ன நாட்கள் உண்டு.

அப்புறம் பார்வையாளர்கள். 1967இல் அமெரிக்காவில் டேடன் நகரத்தில் ஃபில் டொனஹ்யூ தொடங்கிய நிகழ்ச்சிதான், மைக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவில் நடந்து போவதைப் பழக்கமாக்கியது. பார்வையாளர்கள் மனதில் பட்டதைக் கேட்க அது வழிவிட்டது. நான் வேலை பார்த்த இடத்தில் அந்தச் சுதந்திரம் பாதிதான் இருந்தது. பதிவுக்கு முன் ஒருவர் வந்து அவர்களைச் சிரிக்க வைத்து, கைதட்டப் பழக்குவார். முகத்தில் உணர்ச்சி பளிச்சென்று தெரிகிறவர்களை முன் வரிசைக்கு மாற்றுவோம். அவர்கள் திகைப்பதையும் தலையாட்டுவதையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு எடிட்டிங்கில் வேண்டிய இடத்தில் சேர்ப்போம். நீ பேசும்போது ஒரு அம்மாள் உதட்டைப் பிதுக்குவதாக டிவியில் வந்தால், அவர் அப்போதுதான் பிதுக்கினார் என்று நினைத்து மனம் நொந்துபோகாதே.

எனக்குப் பயமே, விருந்தினரிடம் மறைத்து வைக்கும் விஷயத்தில்தான். 1995இல் அமெரிக்காவில் ஜென்னி ஜோன்ஸ் நிகழ்ச்சியில், தன்னை ரகசியமாக விரும்புபவர் யார் என்று தெரியாமலே ஒருவர் மேடைக்கு வந்தார். மேடையில் ஏற்கெனவே காத்திருந்தது அவருக்குத் தெரிந்த இன்னொரு ஆண். பதிவு முடிந்த மூன்றாம் நாள் அந்த விருப்பத்தைச் சொன்னவரை அவர் சுட்டுக் கொன்றுவிட்டார். அந்தப் பகுதி ஒளிபரப்பாகவே இல்லை. பிரிட்டனில் 2005 முதல் ஓடிய ஜெரமி கைல் நிகழ்ச்சியை 2019 மே மாதம் நிறுத்தினார்கள். பொய் கண்டறியும் சோதனையில் தவறியதாகச் சொல்லப்பட்ட ஒரு விருந்தினர், பதிவான சில நாட்களில் இறந்துபோனார். பங்கேற்பவரின் நலனுக்கு டிவி நிறுவனம் உரிய அக்கறை எடுக்க வேண்டும் என்ற விதி அங்கே 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் காலத்தில் எங்களிடம் இருந்தது ஒரு ஒப்புதல் படிவமும் வீட்டுக்குத் திரும்ப ஒரு வண்டியும் மட்டும்தான். மறுநாள் போன் செய்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட யாரும் பொறுப்பில்லை. அடுத்த எபிசோடுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்போம்.

சரி, நீ என்ன செய்ய வேண்டும்? அந்தப் பெண் திரும்பவும் கூப்பிடுவாள். அப்போது முதலில், "திரையில் என் பெயருக்குக் கீழே என்ன போடுவீர்கள்?" என்று கேள். நீ யாராகக் காட்டப்படப் போகிறாய் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். 'மாமியார்' என்று இருந்தால் சரி, 'பேரனைப் பார்க்க விடாத மருமகளால் தவிக்கும் மாமியார்' என்று இருந்தால் மேடையில் அதற்கு மேல் எதையும் உன்னால் சொல்ல முடியாது. இன்னும் முடிவாகவில்லை என்றால், முடிவான பிறகு கூப்பிடச் சொல். அடுத்து, உங்கள் இருவரைத் தவிர வேறு யார் மேடைக்கு வருகிறார்கள் என்று கேள். "அது ஷூட்டிங் அன்னிக்குச் சொல்றோம்" என்று இழுத்தால் யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். உன் மகனாகக்கூட இருக்கலாம். அந்த பதில் வந்தால் போகாதே. படிவத்தை முந்தின நாளே வீட்டுக்கு அனுப்பச் சொல். காலர் மைக் குத்திய பிறகு நீட்டப்படும் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. தொகுத்து வெட்டும் உரிமை முழுவதும் தங்களுடையது என்ற வரி அதில் அநேகமாக இருக்கும்.

பேரனுக்குக் காய்ச்சல் வந்த அந்த ராத்திரியைப் பற்றி எனக்கு எழுதியிருந்தாயே, மருமகள் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று. அதை அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னாயா? சொல்லியிருந்தால், அது அட்டையில் இருக்கிறதா என்று அவளிடமே கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் மாலதி