சம்பளம் வேறு, ஈவுத்தொகை வேறு

ஆசிரியருக்கு,

குடும்ப நிறுவனங்கள் பற்றிய கட்டுரையும், அதில் ஆய்வேடுகள் வழக்கமாக எடுத்துக்காட்டும் மூன்று வட்ட வரைபடமும் கண்டேன். 1978-இல் ஹார்வர்டில் டகியூரியும் டேவிஸும் வரைந்த அந்தப் படம் குடும்பம், உடைமை, தொழில் மூன்றையும் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் சண்டை பெரும்பாலும் பணம் கைமாறும் இடத்தில்தான் தொடங்குகிறது.

மூன்று உடன்பிறப்புகளுக்குச் சம பங்கு. மூத்தவர் மட்டுமே நிர்வாகி என்று வைத்துக்கொள்வோம். அவர் முறையான சம்பளம் எடுக்காமல் வீட்டுச் செலவை நிறுவனக் கணக்கில் எழுதுகிறார். தான் இலவசமாக உழைப்பதாக அவர் நினைக்கிறார். தங்கள் பங்கை அவர் தின்பதாக மற்ற இருவரும் நினைக்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கும்!

அவரது சம்பளத்துக்கு முன் லாபம் 100 என்றால், அதே வேலைக்கு வெளியாளுக்குத் தரும் சம்பளம், உதாரணத்துக்கு 16, முதலில் அவருக்குப் போகட்டும். மீதி 84-இல் பாதி தொழிலுக்கு. எஞ்சிய 42-ஐ ஈவுத்தொகையாகப் பிரித்தால் ஆளுக்கு 14. மூத்தவருக்கு மொத்தம் 30; அதில் உழைப்புக்கு எவ்வளவு, உடைமைக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும்.

குடும்பத்தினர் கூடிப் பேசும் குடும்ப மன்றம் விவாதிக்க வேண்டியது, அந்தப் பாதி என்ற விகிதத்தில் குடும்பத்தின் நிலை என்ன, அடுத்த தலைமுறை என்ன தகுதியோடு வேலைக்கு வரலாம், விலகுபவரின் பங்கை எந்த முறையில் மதிப்பிடுவது என்பவற்றை. சம்பளத்தை நிர்ணயிப்பதும் நிர்வாகியை மாற்றுவதும் இயக்குநர் குழுவின் வேலை. மன்றத்தின் கூட்டக் குறிப்பில் ஊழியர் பெயரோ கொள்முதல் விலையோ தென்பட்டால், எல்லை தாண்டிவிட்டார்கள் என்று கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்