வால்யூம் குமிழுக்கு ஏன் லாக் பாட் வேண்டும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். பழைய ஆம்ப்ளிஃபையரில் கரகரத்துக்கொண்டிருந்த வால்யூம் கன்ட்ரோலைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தியதாகவும், கரகரப்பு நின்றுவிட்டாலும், குமிழைச் சற்றே திருப்பியதும் ஒலி பாய்ந்து வருவதாகவும், பாதிக்கு மேல் திருப்பினால் பெரிதாக எந்த மாற்றமும் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். புதிய பாகத்தின் முதுகில் B100K என்று பொறித்திருப்பதையும் குறித்திருக்கிறீர்கள். காரணம் அதிலேயே இருக்கிறது. பாகத்தில் பழுது ஏதும் இல்லை. நீங்கள் வாங்கியது லீனியர் பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமாக லீனியர் பாட். அந்த இடத்துக்கு வேண்டியது லாகரிதமிக் எனப்படும் லாக் பாட், அதாவது ஆடியோ டேப்பர் வகை.

லீனியர் பாட்டில் கார்பன் தடம் முழுவதும் ஒரே சீரான மின்தடை கொண்டது. ஆகவே குமிழோடு சேர்ந்து தடத்தின் மேல் நகரும் தொடுமுனையான வைப்பர் எவ்வளவு தூரம் நகர்ந்ததோ அதே விகிதத்தில் மின்னழுத்தம் கிடைக்கிறது: பாதி சுற்றுக்குப் பாதி, பத்தில் ஒரு பங்கு சுற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு. கணக்கில் இது நேர்மையானதுதான், ஆனால் காது இப்படிக் கணக்கிடுவதில்லை. ஒலி எத்தனை மடங்கு கூடியது அல்லது குறைந்தது என்பதைத்தான் அது உணர்கிறது. எவ்வளவு மில்லிவோல்ட் கூடியது என்பதை அன்று. சராசரியாகப் பார்த்தால், 10 டெசிபல் குறைந்தால்தான் ஒலி பாதியாகிவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. மின்னழுத்தத்தைச் சரிபாதியாக்கினாலும் குறைவது 6 டெசிபல் மட்டுமே.

இதை உங்கள் குமிழின் மேல் வைத்துப் பார்ப்போம். அது மொத்தம் 300 டிகிரி சுழல்வதாகக் கொள்ளுங்கள். ஒலி பாதியாகக் கேட்க மின்னழுத்தம் 32 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். லீனியர் பாட்டில் அது ஏறத்தாழ 95 டிகிரியில் இருக்கிறது. கால் பங்காகக் கேட்க 10 சதவீதம், அதாவது 30 டிகிரி. அதற்கும் கீழே, இரவில் பக்கத்து அறைக்குக் கேட்காதபடி வைக்கிற அளவு என்று சொல்லத்தக்க 40 டெசிபல் குறைவு, வெறும் 3 டிகிரியில் அடங்கிவிடுகிறது. நாம் பெரும்பாலும் கேட்பது 20 முதல் 40 டெசிபல் வரை குறைத்து வைத்த நிலையில்தான் என்றால், அந்த வீச்சு முழுவதும் 27 டிகிரிக்குள் நெருக்கியடித்துக் கிடக்கிறது. மறுபுறம், நடுவிலிருந்து இறுதி வரையுள்ள 150 டிகிரிக்கும் சேர்த்துக் கிடைப்பது அந்த 6 டெசிபல்தான். நீங்கள் கவனித்த இரண்டு குறைகளும் உண்மையில் ஒரே குறை.

லாக் பாட் இந்த வீச்சைச் சுற்று முழுவதும் பரப்பிவைக்கிறது. சரியான வளைவு என்றால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரே அளவு டெசிபல் மாற வேண்டும், ஆனால் அப்படிப்பட்ட வளைவு ஒருபோதும் பூஜ்யத்தைத் தொடாது. வால்யூம் குமிழோ கடைசியில் ஒலியை முழுவதும் அடக்க வேண்டும். தடத்தின் மின்தடையை நீளம் முழுவதும் படிப்படியாக மாற்றிக்கொண்டே போவதும் எளிதான வேலையன்று. எனவே சாதாரண கார்பன் லாக் பாட்டில் இரண்டு வெவ்வேறு மின்தடை கொண்ட தடங்களை ஏறத்தாழ நடுவில் இணைத்துவிடுகிறார்கள். வளைவுக்குப் பதிலாக ஒரு முறிவுள்ள இரு நேர்கோடுகள் கிடைக்கின்றன. நடுச்சுற்றில் 15 சதவீதம் தரும் ஒன்றை எடுத்துக்கொண்டால், அங்கே ஒலி 16.5 டெசிபல் குறைந்திருக்கும். 20 டெசிபல் குறைவு 100 டிகிரியிலும், 40 டெசிபல் குறைவு 10 டிகிரியிலும் அமையும். உங்கள் பாட்டில் 27 டிகிரிக்குள் சிக்கிய அதே வீச்சு இங்கே 90 டிகிரி விரிகிறது. இலட்சியத்துக்குத் தோராயமான நகல்தான் என்றாலும், விரலுக்கு இதுவே போதுமானது என்பது என் கருத்து.

அடுத்த முறை வாங்கும்போது எழுத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம். இன்று பரவலாக A என்றால் லாக், B என்றால் லீனியர். ஆனால் பழைய ஐரோப்பியப் பாகங்களில் இது தலைகீழாக இருப்பதைக் காணலாம். குமிழை நடுவில் நிறுத்தி, பாகத்தைச் சுற்றில் இணைக்காமல், நடு முனைக்கும் இரு ஓர முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். இரு பக்கமும் 50 கிலோ ஓம் அளவில் வந்தால் லீனியர். ஒரு பக்கம் 15, மறுபக்கம் 85 என்பது போல் வந்தால் லாக்.

லாக் பாட் கைக்கு வரும் வரை, இருப்பதை வைத்தே ஓரளவு சமாளிக்கலாம். வைப்பருக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிடுங்கள். குமிழ் நடுவில் இருக்கும்போது கீழ்ப்பாதியின் 50 கிலோ ஓமும் இந்த 10 கிலோ ஓமும் இணையாகச் சேர்ந்து 8.3 கிலோ ஓம் ஆகின்றன. மேற்பாதி 50 கிலோ ஓமாகவே நிற்கிறது. 58.3இல் 8.3 என்பது 14 சதவீதம், அதாவது ஏறத்தாழ 17 டெசிபல் குறைவு. நடுப்புள்ளி அசல் லாக் பாட்டின் இடத்துக்கே வந்துவிடுகிறது. ஆனால் இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பத்தில் ஒரு பங்கு சுற்றில் லீனியரின் 20 டெசிபல் இங்கே 25.6 ஆகிறது; மேற்சொன்ன லாக் பாட்டிலோ அது 30 டெசிபலைத் தாண்டியிருக்கும். நூற்றில் ஒரு பங்கு சுற்றுக்கு இறங்கினால் 40க்குப் பதில் 40.8, அவ்வளவுதான், ஏனெனில் அங்கே கீழ்ப்பகுதியின் மின்தடையே 1 கிலோ ஓம் என்பதால் இணையாக நிற்கும் 10 கிலோ ஓம் அதை அதிகம் அசைப்பதில்லை. மெல்லிய ஒலிக்கு இந்த உத்தி அவ்வளவாக உதவாது. மேலும், முழுச் சுற்றில் முன்னாலுள்ள பகுதிக்கு 100 கிலோ ஓமுக்குப் பதில் 9 கிலோ ஓம்தான் தெரியும்; வெளியீட்டு மின்தடை குறைவான கருவிகளுக்கு இது பொருட்டில்லை, மற்றவற்றில் ஒலி குன்றிப்போகலாம்.

இந்த உத்தியில் ஒரு நன்மையும் உண்டு. நான் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையருக்கு இதைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். ஸ்டீரியோவுக்கு ஒரே அச்சில் இரண்டு பாட்கள் வேண்டும், அவை ஒன்றுபோல் நடக்க வேண்டும். மலிவான லாக் பாட்களில் இரு தடங்களின் முறிவும் சரியாக ஒரே இடத்தில் அமைவதில்லை. ஒலியைக் குறைக்கக் குறைக்கப் பாட்டு ஒரு காதுப் பக்கம் சாய்வதைக் கேட்கலாம். லீனியர் தடங்கள் பொதுவாக இதைவிட ஒத்துப்போகும்.

பெட்டியைத் திறந்திருக்கும்போது பேலன்ஸ் குமிழில் லீனியர் பாட் இருந்தால் அதை மாற்றிவிடாதீர்கள். அங்கே நடுநிலைதான் முக்கியம், லீனியரே அதற்கு ஏற்றது.

லாக் பாட் பொருத்திய பிறகும் கால் சுற்றிலேயே ஒலி மிகுந்துவிட்டால், வளைவின் மேல் பழி போட வேண்டாம். வரும் சிக்னல் அளவுக்கு மீறிப் பெரியதாக இருக்கும். அடையாளம் எளிது: மேற்பாதியில் ஒலி சீராக ஏறிக்கொண்டே போகும், லீனியரைப் போல் தேங்கி நிற்காது. அப்போது பாட்டின் மேல் முனைக்கு முன்னால் தொடராக 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால், எல்லா நிலைகளிலும் ஒரேபோல் 6 டெசிபல் குறையும், வளைவு மாறாது. மல்டிமீட்டரில் என்ன வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்