முருங்கையிலை ஆய்வும் நம் வறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முருங்கையிலை சீனி வருத்தத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் நிறுவிவிட்டன என்று திருகோணமலைச் சந்தையில் தூள் விற்பவர்கள் சொல்லும்போது, அந்த ஆய்வுகளில் பயன்பட்டது எது என்பதை யாரும் கேட்பதில்லை.

அந்த ஆய்வுகள் கவனம் செலுத்தும் ஐசோதயோசயனேற்று என்ற கந்தகச் சேர்மம் பச்சை இலையில் ஆயத்தமாக இருப்பதில்லை. குளுக்கோமொரிஞ்சின் என்ற மூலப்பொருளும் மைரோசினேசு என்ற நொதியமும் இலையில் தனித்தனியே இருக்கின்றன. இலையை நசுக்கும்போதுதான் இரண்டும் கலந்து மொரிஞ்சின் என்ற ஐசோதயோசயனேற்று உருவாகிறது. ஆகவே, ஆய்வாளர்கள் பச்சை இலையை நீருடன் அரைத்து, நொதியம் வேலை செய்ய அவகாசம் கொடுத்த பின்னரே சாற்றை எடுக்கிறார்கள். அதைக் கொழுப்பு மிகுந்த உணவுண்ட எலிகளுக்குக் கொடுத்து இரத்தக் குளுக்கோசையும், ஆய்வுக்கூடத்தில் நோயெதிர்ப்புக் கலங்களில் இட்டு அழற்சியைத் தூண்டும் பொருட்களின் அளவையும் பார்க்கிறார்கள். இரண்டிலும் குறைவு காணப்பட்டது உண்மை.

நாமோ சமைக்கும்போது இலையை முழுதாகவே கொதிநீரில் இடுகிறோம். சூட்டில் நொதியம் செயலிழப்பதால் மொரிஞ்சின் மிகக் குறைவாகவே உருவாகும். குவர்செற்றின், குளோரோஜெனிக் அமிலம் முதலிய, இலையிலுள்ள பொலிபீனோல் என்ற வகைத் தாவரச் சேர்மங்கள் சூட்டை ஓரளவு தாங்கினாலும், வடித்து ஊற்றும் நீரோடு ஒரு பகுதி போய்விடும் (தேங்காய்ப்பூவுடன் வறுக்கும் வறையில் அந்த இழப்பு குறைவு).

மனிதரிடம் நடந்த பரிசோதனைகள் சிறியவை, முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. தூளை நம்பி மெட்போமின் மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு விற்பவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.