வேலையில் இருந்துகொண்டே வேலை தேடுவது பற்றி நண்பனுக்கு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பதினோரு ஆண்டுகள் உழைத்த நிறுவனத்தை விட்டு விலக நினைக்கிறாய் என்பதை விட, அந்த எண்ணம் அடுத்த வேலை கையில் வரும்வரை எவர் காதுக்கும் போகக்கூடாது என்று நீ கவலைப்படுவதே எனக்கு முக்கியமாகப் பட்டது. கோயம்புத்தூரில் பம்பு, மோட்டார் தொழிலில் கொள்முதல் பிரிவில் இருப்பவனுக்கு அந்தக் கவலை நியாயமானதுதான். உன்னிடம் காலையில் விலைப்புள்ளி கொடுக்கும் வார்ப்படக்காரர் மாலையில் உன் போட்டி நிறுவனத்திலும் உட்கார்ந்திருப்பார். உங்கள் ஊரில் செய்தி அலுவலகம் வழியாகப் போவதைக் காட்டிலும் சப்ளையர் வழியாகத்தான் வேகமாகப் போகும்.

நான் ஒரகடத்தில் இருந்தபோது ஏழு மாதம் இப்படித்தான், வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடினேன். அதில் ஒரு முறை அகப்பட்டும் கொண்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பிறகு நான் அமைத்துக்கொண்ட வார ஒழுங்கு முழுவதும் அந்தத் தவறிலிருந்து வந்ததுதான்.

நௌக்ரி தளத்தில், குறிப்பிட்ட நிறுவனங்கள் நம் விவரத்தைப் பார்க்காதபடி தடுத்து வைக்கும் வசதி இருக்கிறது. நான் அதில் என் நிறுவனத்தின் பெயரைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் எங்கள் குழுமத்துக்கு வேறு ஊரில் வேறு பெயரில் ஒரு தொழிற்சாலை இருந்தது. அதன் பெயரைத் தடுப்புப் பட்டியலில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. அங்கே இருந்த ஹெச்.ஆர். பெண்மணி தரக் கட்டுப்பாட்டுக்கு ஆள் தேடியபோது என் விவரம் வந்து நின்றிருக்கிறது. அவர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், “உங்கள் ஆள் ஒருவர் வேலை தேடுகிறார் போலிருக்கிறதே, எங்களுக்கு மாற்றித் தருவீர்களா?” என்று எங்கள் ஹெச்.ஆரைக் கேட்டுவிட்டார். அன்று மதியம் என் மேலாளர் என்னை மீட்டிங் அறைக்கு அழைத்தார். எந்தத் தண்டனையும் இல்லை. ஆனால் அடுத்த மாதம் தொடங்கவிருந்த புதிய லைன் வேறொருவர் கைக்குப் போயிற்று.

ஆகவே நீ முதல் ஞாயிற்றுக்கிழமை எந்த விண்ணப்பமும் அனுப்பாதே. அன்று கதவுகளை மூடும் வேலை மட்டும் செய். ஒரு காகிதத்தில் உன் நிறுவனத்தின் இப்போதைய பெயர், பழைய பெயர், துணை நிறுவனங்கள், முதலாளியின் மகன் தனியாக நடத்தும் நிறுவனம் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடி அந்தப் பட்டியலில் சேர். ஒரு பெயர் சேர்த்தால் மற்றவையும் தானாகச் சேரும் என்று நம்பாதே. இத்தனை செய்தாலும் கன்சல்டன்சிகள் அந்தத் தடுப்புக்குள் வரமாட்டா. அதைப் பின்னால் சொல்கிறேன்.

லிங்க்ட்இன்னில் முதலில் `Notify network` என்பதை அணைத்துவிடு. வேலை விவரத்தைத் திருத்தும் பக்கத்திலேயே அது இருக்கும். அணைக்காமல் திருத்தினால், உன்னோடு இணைந்திருக்கும் அத்தனை பேருக்கும் நீயே தண்டோரா போட்டதாகிவிடும். அடுத்தது `Open to Work`. அதில் `All LinkedIn members` என்று தேர்ந்தெடுத்தால் உன் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வந்துவிடும். அது உனக்கு வேண்டாம். `Recruiters only` என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஆள் எடுப்போருக்கென்று அந்தத் தளம் விற்கும் தனிச் சேவையை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது தெரியும். உன் நிறுவனத்தில் அந்தச் சேவையைப் பயன்படுத்துபவர்களிடமிருந்து மறைக்க முயல்கிறோம், ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது என்று தளமே அங்கே எழுதி வைத்திருக்கிறது. அந்த மறைப்பு, நீ இப்போது எங்கே வேலை செய்கிறாய் என்று உன் பக்கம் சொல்வதை வைத்துத்தான் நடக்கிறது. ஆகவே நிறுவனப் பெயரைச் சும்மா தட்டச்சு செய்து விட்டிருந்தால், கீழே வரும் பட்டியலிலிருந்து உரிய நிறுவனப் பக்கத்தையே தேர்ந்தெடுத்துத் திருத்திக்கொள்.

பிற நிறுவனங்களின் ஆட்களுடைய பக்கங்களை நீ பார்க்கப்போனால் உன் பெயர் அவர்களுக்குக் காட்டப்படும். `Profile viewing options` என்ற இடத்தில் `Private mode` வைத்துக்கொண்டால் அது தடைபடும். ஆனால் கட்டணம் செலுத்தாத கணக்கில், உன் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்ற விவரம் உனக்கும் நின்றுபோகும். எனக்கு அந்த இழப்பு பெரிதாகத் தெரியவில்லை. உன் இணைப்புகளின் பட்டியலைப் பிறர் பார்ப்பதையும் நிறுத்திவிடு. பத்து நாளில் பன்னிரண்டு ஹெச்.ஆர். அதிகாரிகளை இணைத்துக்கொள்பவனின் எண்ணத்தை யாரும் ஊகித்துவிடுவார்கள். இன்னொன்று, ஆள் தேவை என்று யாராவது பதிவிட்டால் அதன் கீழே “விருப்பம் உண்டு” என்று எழுதுவது நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. அது ஊரறியச் சொல்வது. அதை எந்த அமைப்பாலும் மறைக்க முடியாது. அங்கே எழுதாமல் தனிச்செய்தி அனுப்பு.

இனி வார ஒழுங்கு. உனக்கு ஆறு நாள் வேலை, இரண்டாம் சனி மட்டும் விடுமுறை என்பதால் என்னுடையதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை தேடுவதற்கு மட்டும். மூன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்காதே. ஒவ்வொன்றுக்கும் ரெஸ்யூமேயின் முதல் அரைப்பக்கத்தை அந்த வேலைக்கேற்ப மாற்றி, எந்த நிறுவனம், நேரடியா கன்சல்டன்சியா, எந்தத் தேதி, எந்தப் பிரதி என்று ஒரு நோட்டில் எழுதிவை. அதே ஞாயிற்றுக்கிழமையே அனுப்பாதே. செவ்வாய் இரவு இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பு. என் அனுபவத்தில் ஞாயிறு அனுப்பியவற்றுக்கெல்லாம் திங்கள் காலை உற்பத்திக் கூட்டத்தின் நடுவே அழைப்பு வந்தது. வியாழன் இரவு பதில் வந்தவற்றைப் பார். வெள்ளி இரவு நௌக்ரியில் ஒரு சிறு திருத்தம் செய், ஒரு வரியை மாற்றினால் கூடப் போதும். தேடுபவர்கள் அண்மையில் புதுப்பித்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்ப்பது வழக்கம் என்பதால் வாரம் ஒரு முறை இது தேவை. தினமும் மாற்றச் சொல்லும் நண்பர்கள் உண்டு. வேலையில் இல்லாதவருக்கு அது பொருந்தலாம், உனக்கு அழைப்புகள்தான் பெருகும்.

அந்த அழைப்புகளுக்காக இரண்டாவது சிம் ஒன்று வாங்கிக்கொள். அந்த எண்ணை ரெஸ்யூமேயில் மட்டும் கொடு. காலை எட்டரை முதல் மாலை ஆறு வரை அதன் ஒலியை நிறுத்திவை. தவறிய அழைப்புக்கு மதிய இடைவேளையில், “இரவு ஏழரைக்கு மேல் பேசலாமா?” என்று ஒரு செய்தி போதும், வேலையில் இருப்பவர்கள் அப்படித்தான் கேட்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். கம்பெனி பேருந்தில் மட்டும் போனை எடுத்து இந்தத் தளங்களைத் திறக்காதே. ஒரு நாள் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து விண்ணப்பம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, பின்னிருக்கையில் இருந்த ஸ்டோர்ஸ் ஆள், “சார், அங்கே கேன்டீன் நன்றாக இருக்குமாம்” என்றார். கிண்டலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கன்சல்டன்சிகளைப் பற்றிச் சொல்வதாக எழுதினேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், “கோவையில் முன்னணி பம்பு தயாரிப்பாளர்” என்று வரும் விளம்பரம் உன் நிறுவனத்துடையதாகவே இருக்கலாம். உன் இடத்துக்கே ஆள் தேடுகிறார்கள் என்றாலும் வியப்பில்லை. ஆகவே எவர் அழைத்தாலும் ரெஸ்யூமே அனுப்புவதற்கு முன், எந்த நிறுவனத்துக்காக என்று கேள். “ரெஸ்யூமே வந்த பிறகு சொல்கிறோம்” என்றால், நன்றி சொல்லி நிறுத்திவிடு. சொன்னால், “என்னைக் கேட்காமல் வேறு எங்கும் அனுப்ப வேண்டாம்” என்று எழுத்தில் ஒரு வரி அனுப்பி, அதையும் நோட்டில் குறித்துக்கொள். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு கன்சல்டன்சி உன் பெயரை அனுப்பினால், கட்டணம் யாருக்கு என்ற சண்டையில் உன்னையே ஒதுக்கிவிடுவதும் உண்டு.

நேர்காணலுக்கு அரை நாள் விடுப்பு எடுக்கும்போது, மூன்று வாரத்தில் மூன்று புதன்கிழமை வேண்டாம். முதல் சுற்றை மாலை வீடியோவில் வைக்கச் சொல். நேரில் வரச் சொன்னால் இரண்டாம் சனியைக் கேள். நேர்காணல் நாளில் அலுவலகத்துக்கும் போக வேண்டியிருந்தால் வழக்கமான சட்டையிலேயே போ, மாற்றுச் சட்டை வண்டியில் இருக்கட்டும். கடைசியாக ஆஃபர் வரும் கட்டத்தில் பின்னணிச் சரிபார்ப்புக்கான படிவம் தருவார்கள். அதில் இப்போதைய முதலாளியைத் தொடர்பு கொள்ளலாமா என்ற கேள்விக்கு, ராஜினாமா கொடுத்த பிறகுதான் என்று தெளிவாகக் குறி. பரிந்துரையாளராக உன் பழைய மேலாளர், ஓய்வு பெற்றவர், போதும். சப்ளையர் எவர் பெயரையும் கொடுக்காதே.

ரெஸ்யூமேயைப் பற்றி ஒரு சங்கதி மிச்சமிருக்கிறது. நான் என்னுடையதை அலுவலகக் கணினியில் ஒரு மதியம் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக மாற்றியிருந்தேன். பிறகு வீட்டில் அந்தக் கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தால், எழுதியவர் பெயர் என்ற இடத்தில் என் ஊழியர் எண் நின்றது. என் ரெஸ்யூமே அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில் உருவானது என்று பெறுபவர் எவரும் பார்க்கக்கூடியதாக நான்கு இடத்துக்குப் போயிருந்தது. அதன் பின் வீட்டுக் கணினியில் புதிதாகத் தட்டச்சு செய்தேன். அலுவலக மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் அது அலுவலகத்துடையதுதான், அலுவலக வைஃபையும் அப்படியே.

ஞாயிறு அன்று தடுப்புப் பட்டியலை முடித்துவிட்டு ரெஸ்யூமேயை என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பு, கோப்பின் பண்புகளை நான் பார்த்துச் சொல்கிறேன். அலுவலக மின்னஞ்சலிலிருந்து அனுப்பிவிடாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜன்