மாத்திரை அட்டையைப் பிரிப்பதற்கு முன்

பாப்பா,

நேற்று போனில் "ஒண்ணும் இல்லம்மா, பிசிஓடியாம், மாத்திரை கொடுத்திருக்காங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். பக்கத்தில் உன் ரூம் பெண்கள் இருந்தார்கள் என்று தெரிந்ததால் நானும் சரி என்று வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் நீ இடையில் வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

தீபாவளி அன்று விடிகாலையில் உனக்கு எண்ணெய் தேய்த்தேனே, தலைக்கு வைத்துவிட்டு அப்படியே கன்னம், தாடை என்று கையை இறக்கியபோது தாடைக்கு அடியில் விரலில் சுரீர் என்று குத்தியது. உன் அப்பா ரெண்டு நாள் சவரம் செய்யாமல் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. நீ சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். எனக்கும் கேட்க வாய் வரவில்லை. 26 வருஷம் லேபில் ஊரார் பெண்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்தவள், சொந்த மகளிடம் கேட்கக் கூச்சப்பட்டேன். அது என் தப்பு.

உதட்டுக்கு மேல் பூனை முடி யாருக்கும் இருக்கும், எனக்கும் உண்டு, அதை நான் கண்டுகொள்ள மாட்டேன். உன் தாடையில் இருப்பது அது இல்லை. கறுப்பாக, தடிமனாக, வேரோடு நிற்கிற முடி. ஆண்களுக்கு அதிகமாகச் சுரக்கும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும், அது கூடினால், அல்லது முடிவேர் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக இணங்கிப்போனால், பூனை முடி இப்படித் தடித்துவிடும். த்ரெட்டிங் பண்ணியதால்தான் இப்படி ஆனது என்று உன் பெரியம்மா சொன்னதைக் காதில் வாங்காதே. நூல் மேலே இருப்பதைத்தான் பிடுங்குகிறது, ஹார்மோனை அது தொடுவதில்லை.

முடி மட்டும் என்றால் நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன், கூடவே மாதவிலக்கும் தள்ளிப் போகிறதே. நீ சொன்ன தேதிகளைக் காலண்டரில் குறித்து எண்ணினேன். ஜூன் 4, ஜூலை 27, அக்டோபர் 7. முதல் இடைவெளி 53 நாள், அடுத்தது 72. உன் வயதில் 21 முதல் 35 நாளுக்குள் வர வேண்டும். இவ்வளவு தள்ளிப் போனால் பெரும்பாலும் அந்த மாதம் முட்டை வெளிவரவில்லை என்று அர்த்தம். முடியையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்ட்ரோஜன் எங்கிருந்தோ கூடுகிறது என்று தோன்றும். எங்கிருந்து என்பதுதான் கேள்வி. ஸ்கேன் எடுத்தவர்கள் அதைக் கேட்கவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பத்தில் ஏழெட்டுப் பேருக்கு அது பிசிஓஎஸ்தான் (பிசிஓடி என்று நாம் சொல்வதும் அதைத்தான்), உனக்கும் அதுவாகவே இருக்கலாம். ஆனால் ஸ்கேனில் சினைப்பை நிறைய சின்னச் சின்ன நீர்ப்பைகளோடு தெரிந்தது என்பதை மட்டும் வைத்து அந்தப் பெயரை எழுதிவிட முடியாது. அவை கட்டிகள் இல்லை, பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள், பயப்படாதே. ஆரோக்கியமான இளம்பெண்கள் பலருக்கும் அப்படித் தெரியும். வேறு காரணத்தால் ஆண்ட்ரோஜன் கூடினாலும் அப்படியே தெரியலாம். அதனால் மற்றதெல்லாம் இல்லை என்று பார்த்த பிறகுதான் பிசிஓஎஸ் என்று சொல்வது முறை. தைராய்டு, புரோலாக்டின் ரெண்டும் சாதாரணமாக எல்லோரும் பார்ப்பார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் நிறைய இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் கார்ட்டிசால் தயாராக ஒரு நொதி வேண்டும். அது பிறவியிலேயே கொஞ்சம் மந்தமாக இருந்தால், கார்ட்டிசாலாக வேண்டிய சரக்கு பாதி வழியில் தேங்கி, வேறு வாய்க்காலில் வழிந்து ஆண்ட்ரோஜனாகிவிடும். கடுமையான வகை என்றால் பிறந்த குழந்தைக்கே தெரிந்துவிடும். லேசான வகை பெண் வயதுக்கு வந்த பிறகு முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிலக்கு என்று பிசிஓஎஸ் வேஷத்தில் வரும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும். தேங்கி நிற்கிற அந்தச் சரக்கின் பெயர் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன். லேபில் 17-ஓஹெச்பி என்போம்.

இது அபூர்வம்தான், முகத்தில் முடி என்று வருகிற பெண்களில் நூற்றுக்குச் சிலருக்குத்தான் இருக்கும். அப்புறம் ஏன் உனக்கு மட்டும் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்பாய். நானும் உன் அப்பாவும் அத்தை மகன், மாமன் மகள். இந்தக் கோளாறு வர அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ரெண்டு பழுதான மரபணு சேர வேண்டும், ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்தவர்கள் கட்டிக்கொண்டால் அது சேர வாய்ப்பு கூடுகிறது. அந்த டாக்டர் உன்னிடம் அப்பா அம்மா சொந்தமா என்று கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். நீயாகச் சொல்ல வேண்டும்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். கொடுத்த மாத்திரை கருத்தடை மாத்திரைதான், அதில் தப்பு ஒன்றும் இல்லை, பிசிஓஎஸ் என்றால் முதலில் கொடுப்பது அதுதான். ஆனால் அதைப் போட ஆரம்பித்துவிட்டால் ஆண்ட்ரோஜன் இறங்கிவிடும், அதன் பிறகு எடுக்கிற ரத்தம் உண்மையைச் சொல்லாது, மூன்று மாதம் நிறுத்திவிட்டு மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். அடுத்த மாதவிலக்கு வந்ததும் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாயே, நல்லதாகப் போயிற்று. டாக்டருக்கு போன் போட்டு, "மேடம், முதலில் ரத்தம் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாமா" என்று கேள். டெஸ்டோஸ்டிரோன், 17-ஓஹெச்பி, தைராய்டு, புரோலாக்டின், கூடவே சர்க்கரை. பிசிஓஎஸ் என்றால் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் சர்க்கரை ஏறலாம், அதனால் அதை விடக்கூடாது.

ரத்தம் கொடுப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். என் கையாலேயே எத்தனை பேருக்குச் சாயந்திரம் ஆபீஸ் விட்டு வந்த நேரத்தில் எடுத்திருக்கிறேன், சீட்டில் நேரம் எழுதாமல் வந்தால் நாங்களும் கேட்க மாட்டோம். 17-ஓஹெச்பி விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கிக்கொண்டே போகும். சாயந்திரம் எடுத்தால் கோளாறு இருக்கிறவளுக்கும் நார்மல் என்று வரலாம். முட்டை வெளிவந்த பிறகு சினைப்பையே அதைச் சுரக்கும், அந்த நாட்களில் எடுத்தால் ஒன்றும் இல்லாதவளுக்கும் கூடுதலாகக் காட்டும். அதனால் மாதவிலக்கான ரெண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், காலை 8 மணிக்குள் எடுக்க வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறாய் இல்லையா, அதை மூன்று நாள் முன்பே நிறுத்திவிடு, சில மெஷின்களில் ஹார்மோன் கணக்கையே அது குழப்பிவிடும்.

ரிப்போர்ட் வந்ததும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் யூனிட்டைப் பார். ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று போட்டிருந்தால் 2-க்குக் கீழே இருக்க வேண்டும், டெசிலிட்டர் கணக்கு என்றால் அதே அளவுதான் 200. அதற்குக் கீழே என்றால் அட்ரினல் பக்கத்தை அநேகமாக மறந்துவிடலாம், அந்த அட்டையைப் பிரித்து மாத்திரையை ஆரம்பி. மில்லிலிட்டர் கணக்கில் 10-க்கு மேலே போனால் அட்ரினல்தான். நடுவில் வந்தால் அட்ரினலைத் தூண்டுகிற 250 மைக்ரோகிராம் ஊசி ஒன்று போட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள், அதற்கு ஹார்மோன் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

ஒருவேளை மாதவிலக்கு வராமலே இழுத்தால், ஜனவரி 5-ஆம் தேதியோடு 90 நாள் ஆகிறது, அதற்கு மேல் விடாதே. மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், வருஷக்கணக்கில் அப்படி விட்டால் ஆபத்து. வரவழைக்கிற மாத்திரை சில நாளைக்குக் கொடுப்பார்கள். அதற்கு முன் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், எல்லோருக்கும் செய்வதுதான், சங்கடப்படாதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு இது காலேஜ் ரெண்டாம் வருஷத்திலிருந்து மெல்ல மெல்ல வந்தது, அதனால் எனக்குப் பெரிய பயம் இல்லை. அப்படியில்லாமல் ரெண்டு மூன்று மாதத்தில் முடி மளமளவென்று கூடினாலோ, குரல் தடித்தாலோ, நெற்றி ஓரத்தில் ஆண்களைப் போல வழுக்கை விழுந்தாலோ அது வேறு கதை, ஹார்மோன் சுரக்கிற கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

முடிக்கு என்ன செய்வது என்றுதானே உனக்குக் கவலை. எந்த மாத்திரை போட்டாலும் ஆறு மாதம் ஆகும். முளைத்த முடி தன் காலம் முடிந்து உதிர்ந்து, அதே வேரில் மெலிந்த முடி வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஏற்கெனவே தடித்தது முழுசாகப் போகாது, அதற்கு லேசர். ஹார்மோனைக் கட்டுக்குள் கொண்டு வராமல் லேசருக்குப் பணம் கட்டினால் புதுசு முளைத்துக்கொண்டேதான் இருக்கும். அதுவரை த்ரெட்டிங் பண்ணு, ரேசர் போட்டாலும் பரவாயில்லை, தடிக்காது. பார்லரில் விற்கிற வெளுக்கும் கிரீம் மட்டும் வேண்டாம், சிலதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதைப் பூசினால் முகத்தில் முடி வளரும்.

அட்ரினல் கோளாறாகவே இருந்தாலும் இந்த வயதில் வைத்தியம் பெரும்பாலும் இதே மாத்திரைதானே, பிறகு ஏன் அலைய வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி உன் மாமா வீட்டு விஷயம். போன மாதம் மறுபடி கேட்டார்கள், தை பிறந்ததும் பேசலாமா என்று. உனக்கு இது இருந்தால் என்னிடமும் ஒரு பழுது இருக்கிறது என்று அர்த்தம், என் தம்பியிடம் அதே பழுது இருக்கப் பாதி வாய்ப்பு, அவன் மகனிடம் கால் வாய்ப்பு. அவனிடமும் இருந்துவிட்டால் உங்களுக்குப் பிறக்கிற குழந்தைகளில் ரெண்டில் ஒன்றுக்கு ரெண்டு பக்கமும் பழுது சேர்ந்துவிடும். லேசான வகைக்காரர்கள் பலரிடம் கடுமையான பழுது ஒன்றும் ஒளிந்திருக்கும், அது எதோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து, பிறந்த சில வாரத்திலேயே உப்புச் சத்து இறங்கி உயிருக்குப் போராடுகிற குழந்தையாகவும் பிறக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளக்கூடியதை ஏன் இருட்டில் வைக்க வேண்டும்.

தம்பியிடம் நான் இதைச் சொல்லவில்லை. பொண்ணுக்கு ஆபீஸில் வேலை ஜாஸ்தி, பொங்கல் கழியட்டும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். மாதவிலக்கு வந்த அன்றைக்கே எனக்கு மெசேஜ் போடு. ராத்திரி பஸ் ஏறினால் காலை ஆறரைக்கு இங்கே இருக்கலாம், நம் லேபிலேயே எடுத்துவிடலாம். ஊசியை மட்டும் செல்வி குத்தட்டும், உனக்கு என்றால் எனக்குக் கை நடுங்கும்.

அம்மா