தல், கை, இங்: மகளுக்கு ஒரு கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகளுக்கு,

உன்னுடைய சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பெடியன், "மிஸ், தமிழில் சொல்லின் கடைசியில் தல் வாறதும் இங்கிலிஷில் இங் வாறதும் ஒன்றுதானே?" என்று கேட்டதாகச் சொன்னாய். போனில் இதை விளக்கினால் பாதியில் லைன் போய்விடும். அதனால் எழுதுகிறேன். அவன் சொன்னது பாதி சரி. மற்றப் பாதியில்தான் இங்கே என்னிடம் ரியூசனுக்கு வரும் பிள்ளைகளும் வழுக்கி விழுகிறார்கள்.

முதலில் இங்கைப் பிரித்துக் காட்டு. "ஹீ இஸ் ஸ்விமிங்" என்பதில் அது வினையின் ஒரு துண்டு. நாங்கள் நீந்திக்கொண்டிருக்கிறான் என்போம். "ரன்னிங் வாட்டர்" என்பதில் அது பெயருக்கு முன்னால் நிற்கும் அடை. நமக்கு ஓடும் தண்ணீர். "ஸ்விமிங் இஸ் ஈஸி" என்று வரும்போதுதான் அது ஜெரண்ட், அதாவது நம்முடைய தொழிற்பெயருக்குப் பக்கத்தில் வருவது. ஆகவே தல்லோடு ஒப்பிட வேண்டியது இந்த மூன்றாவதை மட்டும்.

சரி, அந்த மூன்றாவதை எடுப்போம். ஒரு தொழிற்பெயருக்குள் வினை இன்னும் உயிரோடு இருக்கிறதா, அல்லது அது முழுப் பெயராகிவிட்டதா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்றுதான்: முன்னால் ஐ உருபோடு ஒரு சொல் போட்டுப் பார். வினைக்குத்தான் செயப்படுபொருள் வேண்டும். வெறும் பெயருக்கு அது ஒட்டாது.

கடிதத்தை மெதுவாக வாசித்தல். ஐ நிற்கிறது, மெதுவாக என்ற வினையடையும் நிற்கிறது. இப்போது வாசிப்பு என்று மாற்றிப் பார். கடிதத்தை வாசிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடிதத்தின் மெதுவான வாசிப்பு என்று ஐ போய் இன் வரும், மெதுவாக போய் மெதுவான வரும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். "ரீடிங் த லெட்டர் ஸ்லோலி" என்பதில் வினை உயிரோடு இருக்கிறது. "த ஸ்லோ ரீடிங் ஆஃப் த லெட்டர்" என்பதில் அது பெயர். ஆனால் ஆங்கிலத்தில் சொல்லின் உருவம் மாறவில்லை, இரண்டு இடத்திலும் ரீடிங்தான். நாங்கள் விகுதியையே மாற்றிவிடுகிறோம்.

இனி கை விகுதி. நம்புதல், நம்பிக்கை இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடு. கடவுளை நம்புதல் சரி. கடவுளை நம்பிக்கை என்றால் பிள்ளைகளே சிரிப்பார்கள். கடவுள் மீது நம்பிக்கை என்றுதான் வரும். கொள்கை, கோரிக்கை, அறிக்கை, வாழ்க்கை எல்லாம் இதே சாதி. கள் சேர்த்துக் கோரிக்கைகள், அறிக்கைகள் என்று எண்ணவும் செய்யலாம். சிலது இன்னும் ஒரு படி போய், செய்கிற பொருளையும் இடத்தையுமே குறிக்கும். படுக்கையை உதறி விரிக்கலாம், படுத்தலை விரிக்க ஏலாது. ஆங்கிலத்தில் பில்டிங் என்பது கட்டும் வேலையாகவும் கட்டி முடித்த மாடியாகவும் இருப்பது போலத்தான் இதுவும். நம் ஊர்ப் புத்தகங்களில் வரும் நெற்செய்கையையும் சேர்த்துக்கொள். அது செய்யும் வேலையைத்தான் சொல்கிறது, ஆனாலும் நெல்லைச் செய்கை என்று எழுத முடியாது.

இவ்வளவோடு நிறுத்தினால் பிள்ளைகள் "தல் என்றால் வினை, கை என்றால் பெயர்" என்று பாடமாக்கிவிடுவார்கள். அது பிழை. இந்த இரண்டு வரியையும் கொடுத்துப் பார்:

அப்பா வருகையில் நல்ல மழை.
அப்பாவின் வருகையில் எல்லாருக்கும் சந்தோசம்.

வருகையில் என்ற சொல் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். முதல் வரியில் அப்பா எழுவாயாக நிற்கிறார், வருகையில் என்றால் வரும்போது. இரண்டாவதில் அப்பாவோடு இன் ஒட்டியிருக்கிறது, வருகை அவருக்குரிய ஒரு பொருள் போல ஆகிவிட்டது. முதல் வரியில் வினை உயிரோடு இருப்பதால் அதற்குள் என்ன வேண்டுமானாலும் ஏற்றலாம்: அப்பா மார்க்கெட்டிலிருந்து மரக்கறியைத் தூக்கிக்கொண்டு அவசரமாக வருகையில் நல்ல மழை. இரண்டாவதில் அவசரமாக வருகை என்று ஏற்ற முடியாது, அவசரமான வருகை என்றுதான் ஆகும். இன்றைய எழுத்தில் கை இப்படி வினையாக வாழ்வது பெரும்பாலும் இந்த இல் உருபோடு மட்டும்தான். பழைய வைணவ உரைகளைப் புரட்டினால் கை ஐ உருபையும் தாராளமாகத் தாங்கி வரும். அது உனக்கு மட்டும், பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் சொல்லிக் குழப்பாதே.

தல் பக்கமும் இதே மாதிரி உண்டு. தேர்தல் என்றால் தேர்ந்தெடுக்கும் செயல்தான், ஆனால் இன்று யாரும் நல்லவரைத் தேர்தல் என்று எழுதுவதில்லை. அது வாக்குப் போடும் நாளின் பெயராகிவிட்டது, மாகாண சபைத் தேர்தல்கள் என்று கள்ளும் எடுக்கிறது. நம் பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தலும் அப்படித்தான். முடிவை அறிவித்தல் என்றால் செயல். காலையில் பேப்பரைத் திறந்ததும் அப்பா முதலில் பார்க்கும் மரண அறிவித்தல்கள் என்றால் அச்சடித்த பெட்டிகள். விகுதியைப் பார்த்து முடிவெடுக்காமல் ஐ போட்டுப் பார் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம் மொழிபெயர்ப்பு. அந்தப் பெடியனின் கேள்விக்குப் பின்னால் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஜெரண்ட் ஆங்கிலத்தில் தெருப் பேச்சிலும் வரும். நம்முடைய தல் அப்படியில்லை. அது தலைப்பிலும் விதியிலும் பலகையிலும் வசதியாக உட்காரும். புகைத்தல் தடை, விண்ணப்பித்தல், கழித்தல், வகுத்தல். அதைப் பேச்சு வாக்கியத்துக்குள் இழுத்தால் விறைத்துப்போகும். "ஐ லைக் ரீடிங்" என்பதை என் மாணவி ஒருத்தி "நான் வாசித்தலை விரும்புகிறேன்" என்று எழுதிக் கொண்டுவந்தாள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் எந்த வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? எனக்கு வாசிக்கப் பிடிக்கும். "ஆஃப்டர் ஈட்டிங்" என்றால் சாப்பிட்ட பிறகு. "வித்தவுட் டெலிங்" என்றால் சொல்லாமல். "ஸ்டாப் டாக்கிங்" என்றால் பேசுவதை நிறுத்து, அல்லது உன் அப்பாவின் பாணியில் வாயை மூடு. ஒரே இங்குக்கு நாலு வேறு உருவம், ஒன்றில்கூடத் தல் இல்லை.

இதில் பேசுவது என்ற உருவத்தைக் கொஞ்சம் கவனி. அது காலத்தையும் காட்டும்: நீ வந்தது நல்லது, நீ வருவது நல்லது. வருதல் என்றால் எப்போது என்று தெரியாது. மறுப்பும் தல்லுக்கு நேரே வராது. வராமை என்று மை விகுதிக்குப் போக வேண்டும், அல்லது வராதிருத்தல் என்று இன்னொரு வினையைக் கடன் வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் முன்னால் ஒரு நாட் போட்டால் வேலை முடிந்தது.

வகுப்புக்கு ஒரு பயிற்சி தருகிறேன். தேடுதல், சேர்க்கை, அழுகை, கூட்டுதல், ஆறுதல், போகையில். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஐ உருபோடு ஒரு சொல் போட்டுப் பார்க்கச் சொல். தேடுதலுக்கும் கூட்டுதலுக்கும் உடனே வரும். சேர்க்கையில் மாட்டுவார்கள். போகையில் என்பதற்கு ஐ வராவிட்டாலும் அது வினைதான். போ என்ற வினைக்கே செயப்படுபொருள் கிடையாது. அங்கே எழுவாய் போட்டுப் பார்க்க வேண்டும்: நான் போகையில். அழுகையும் அப்படித்தான், ஆனால் நான் அழுகை என்று வராது, என் அழுகை என்றே வரும். இதை அவர்களாகவே கண்டுபிடிக்க விடு, நீ முந்திச் சொல்லிவிடாதே.

விடைகளைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்
அம்மா